முந்திரி என்று கேட்டால் திராட்சை வரும் ஊர்
மறையூர் உணவகத்தில் ஒவ்வாமையுள்ளோர் கேட்க வேண்டிய கேள்விகள்

விடுமுறைக் காலத்தில் உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காட்டுவழியாக மூணாறு செல்வோரில் பலர், மதிய உணவுக்கு மறையூரில் வண்டியை நிறுத்துகின்றனர். சந்தனக் காடும், பெருங்கற்காலத்து முனியறைகளும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் இவ்வூரின் அடையாளங்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் இங்கே தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது. கடைவீதியில் ஒருவர் தமிழில் கேட்க, மற்றொருவர் மலையாளத்தில் விடை சொல்ல, இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடும்.

ஆனால், குடும்பத்தில் ஒருவருக்குக் கொட்டைப்பருப்பு ஒவ்வாமையோ கோதுமை ஒவ்வாமையோ இருந்தால், ‘எல்லாம் புரிந்துவிட்டது’ என்ற அந்த எண்ணமே ஆபத்தாகலாம். இரு மொழிகளிலும் ஒன்றுபோல ஒலிக்கும் சில உணவுப் பெயர்கள் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன. இத்தகைய ஊரில் உணவு கேட்டு வாங்கும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். எல்லை கடந்து எங்கே சாப்பிட நேர்ந்தாலும் இம்முறை பயன்படும்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். முந்திரி, வேர்க்கடலை போன்றவற்றுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு, மிகச் சிறிய அளவு உட்சென்றாலும் சில நிமிடங்களில் உதடு வீங்கலாம், மூச்சு அடைக்கலாம், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கோதுமையைப் பொறுத்தவரை இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, மேற்சொன்னதைப் போலவே உடனடியாகத் தாக்கும் கோதுமை ஒவ்வாமை. மற்றொன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் நோய் இது. சீலியாக் நோயாளி கோதுமை கலந்த உணவை உண்டதும் மேசையிலேயே மயங்கி விழுவது அரிது. ஆயினும் வயிற்றுப்போக்கும் வலியும் சோர்வும் நாள்கணக்கில் நீடிக்கலாம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாதபோதும் குடலில் சேதம் நிகழக்கூடும். ‘சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது இவர்களுக்குச் சான்றாகாது.

சமைப்பதாலோ வறுப்பதாலோ பொரிப்பதாலோ இந்த ஆபத்து நீங்குவதில்லை என்பது இரு சாராருக்கும் பொது. தட்டில் விழுந்துவிட்ட முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிடுவதும் தீர்வாகாது.

ஒரே சொல், வேறு பொருள்

தமிழில் முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு. மலையாளத்தில் ‘முந்திரி’ என்பது திராட்சையைக் குறிக்கும் சொல். முந்திரிப்பருப்பை அவர்கள் ‘கசுவண்டி’ என்றும் ‘அண்டிப்பரிப்பு’ என்றும் சொல்வர். இப்போது பாயசம் பரிமாறும் ஒருவரிடம், “முந்திரி இல்லாமல் கொடுங்கள்” என்று நாம் கேட்டதாக எண்ணிப் பாருங்கள். தமிழ் அறியாத அவர், நல்லெண்ணத்துடன் உலர்திராட்சையை மட்டும் ஒதுக்கிவிட்டு, முந்திரிப்பருப்புடன் பாயசத்தைக் கொண்டுவந்து வைக்கக்கூடும். கேட்டவர் தெளிவாகத்தான் கேட்டார். கொடுத்தவரும் சொன்னபடிதான் செய்தார்.

அடுத்தது கடலை. தமிழ்நாட்டில் கடலை மிட்டாய், கடலை எண்ணெய் என்னும்போது அது வேர்க்கடலை. கடலை மாவு, கடலைப்பருப்பு என்னும்போது அது வேறு பயறு. சட்னியில் அரைப்பது பெரும்பாலும் பொட்டுக்கடலை. மலையாளத்திலோ வெறுமனே ‘கடல’ என்றால் புட்டுடன் தரும் கறுப்புக் கொண்டைக்கடலை. வேர்க்கடலையை ‘நிலக்கடல’ என்றும் ‘கப்பலண்டி’ என்றும் அழைப்பர். எனவே “சட்னியில் கடலை உண்டா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று வரும் விடையில், வேர்க்கடலை இல்லை என்ற உறுதி அடங்கவில்லை. கேட்டவர் ஒன்றை எண்ணியிருக்க, சொன்னவர் வேறொன்றை எண்ணியிருக்கலாம்.

கோதுமையில் இந்தக் குழப்பம் குறைவு. மலையாளத்தில் அது ‘கோதம்பு’. மைதாவும் ரவையும் அங்கேயும் ஏறத்தாழ அதே பெயர்கள். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. மைதாவும் ரவையும் கோதுமையே என்பது பலருக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை. “கோதுமை சேர்ப்பதில்லை, மைதாதான்” என்ற விடையை எந்த ஊரிலும் கேட்கலாம். ஆகவே கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆகிய நான்கையும் தனித்தனியே சொல்லிக் கேட்பதே முறை.

புறப்படுமுன் ஒரு சிறு அட்டையை ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. ஒரு பக்கம் தமிழ். மறுபக்கம் மலையாளம் அறிந்த நண்பரைக் கொண்டு மலையாள எழுத்தில் எழுதுவது. வாயால் சொல்ல விரும்புவோர் இப்படிச் சொல்லலாம்: “இவனு கசுவண்டியும் கப்பலண்டியும் அலர்ஜியாணு; அல்பம் கழிச்சாலும் சுவாசம் முட்டும்.” இவனுக்கு முந்திரியும் வேர்க்கடலையும் ஒவ்வாது, சிறிது உண்டாலும் மூச்சு முட்டும் என்பது இதன் பொருள். ‘கழிக்குக’ என்பது மலையாளத்தில் உண்பதைக் குறிக்கும். சமையற்கட்டில் வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் முந்திரிக்கு ‘காஜூ’, வேர்க்கடலைக்கு ‘மூங்ஃபலி’ என்ற சொற்கள் உதவும். எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. முந்திரி, வேர்க்கடலை ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்து காட்டிவிட்டால், சொல்லால் வரும் பிழைக்கே இடமில்லை.

சாம்பாருக்குள் ஒளிந்திருக்கும் கோதுமை

பரோட்டாவிலும் பூரியிலும் கோதுமை இருப்பதை எவரும் அறிவர். சீலியாக் நோயாளியை ஏமாற்றுவது சாம்பாரும் ரசமும்தான். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் தூய பெருங்காயத்தின் அளவு குறைவு; பிசினும் மாவும் சேர்த்தே அது தயாரிக்கப்படுகிறது. பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை மாவாக இருக்கிறது. சிலவற்றில் அரிசி மாவு. எந்த மாவு என்பதை டப்பாவின் மேலுள்ள மூலப்பொருள் பட்டியலைப் படித்தே அறிய முடியும். கடையில் வாங்கிய சாம்பார் பொடியிலும் இதே பெருங்காயம் கலந்திருக்கலாம்.

சமையல் செய்பவர் இதை மறைப்பதில்லை. ஒரு சிட்டிகை பெருங்காயத்தை அவர் ‘மாவு’ என்று எண்ணுவதே இல்லை. “சாம்பாரில் கோதுமை உண்டா?” என்று கேட்டால் “சாம்பாரில் யாராவது கோதுமை போடுவார்களா?” என்று சிரிப்பார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். நாம் கேட்ட கேள்விதான் போதாதது.

ஒரு மதிய உணவைத் தொடர்ந்து பார்ப்போம்

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாய்க்குச் சீலியாக் நோய். பத்து வயது மகனுக்கு முந்திரியும் வேர்க்கடலையும் ஒவ்வாது. மறையூரில் ஓர் உணவகத்துக்குள் அவர்கள் நுழைகிறார்கள்.

முதல் முடிவு நேரத்தைப் பற்றியது. ஒரு மணிக்குக் கூட்டம் நிறைந்துவிடும். அப்போது எவருக்கும் நின்று பதில் சொல்ல இயலாது. ஆகவே அவர்கள் பதினொன்றரை மணிக்கே வருகிறார்கள். உட்காருமுன் கல்லாவில் இருப்பவரிடம், “சமையல் மாஸ்டரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும், உடல்நலம் சம்பந்தமானது” என்கிறார் தாய். பரிமாறுபவருக்குக் குழம்பின் பெயர் தெரியும். அதற்குள் என்ன போனது என்பது சமைத்தவருக்கே தெரியும்.

மாஸ்டர் வந்ததும் அவர் சொல்வது இது: “அண்ணா, பையனுக்கு முந்திரிப்பருப்பும் வேர்க்கடலையும் ஆகாது. கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எனக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது.” அட்டையையும் படத்தையும் காட்டுகிறார். ‘பிடிக்காது’, ‘சாப்பிடுவதில்லை’ என்ற சொற்களை அவர் தவிர்க்கிறார். அச்சொற்கள் விரதத்தையோ விருப்பத்தையோ நினைவூட்டும். என்ன நேரும் என்பதைச் சொன்னால்தான் கேட்பவர் கவனம் கொள்வார்.

பிறகு கேள்விகள் தொடங்குகின்றன. “இது இருக்கிறதா, அது இருக்கிறதா” என்று கேட்டால் பழக்கத்தால் “இல்லை” என்ற விடை வந்துவிடும். எனவே தாய் வேறு விதமாகக் கேட்கிறார்: “சாம்பாரில் என்னென்ன போட்டீர்கள்?” துவரம்பருப்பு, காய்கள், புளி, பொடி என்று மாஸ்டர் அடுக்குகிறார். “பெருங்காயம்?” என்றதும், “அது இல்லாமல் சாம்பாரா, அம்மா!” என்கிறார். “அந்த டப்பாவைக் கொஞ்சம் பார்க்கலாமா?” டப்பா வருகிறது. மூலப்பொருள் பட்டியலில் கோதுமை மாவு இருக்கிறது. தாய்க்குச் சாம்பாரும் ரசமும் இல்லை என்று முடிவாகிறது. மகனுக்கு இவற்றால் தடையில்லை. ஆனால் தாளித்த எண்ணெய் எது என்று கேட்க வேண்டும். தேங்காய் எண்ணெய் என்கிறார் மாஸ்டர். கடலை எண்ணெய் என்றிருந்தால் நிலைமை வேறு. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு; செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஒவ்வாமையைத் தூண்டும் அளவுக்குப் புரதம் தங்கியிருக்கலாம். எந்த வகை என்று தெரியாதபோது விலக்குவதே நலம்.

மோர்க்கறி எப்படி? தயிர், தேங்காய், மஞ்சள், கடுகு, வெந்தயம், பெருங்காயம் இல்லை. இருவருக்கும் ஏற்றது. முட்டைக்கோசுத் தோரனில் தேங்காயும் கடுகும் பச்சைமிளகாயும் மட்டுமே. தனிச் சட்டியில் செய்தது. அதுவும் ஏற்றது. கொட்டைப்பருப்பு ஒவ்வாமையுள்ள பலருக்குத் தேங்காய் தீங்கு செய்வதில்லை. ஆயினும் கேரளத்துக்குப் பயணம் செய்யுமுன் இதைத் தம் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கோழிக்குருமா கெட்டியாக இருக்கிறது. “இதைக் கெட்டியாக்க என்ன அரைத்தீர்கள்?” என்று தாய் கேட்க, “தேங்காயும் கொஞ்சம் அண்டிப்பரிப்பும்” என்கிறார் மாஸ்டர். மகனுக்கு அது கூடாது. வெண்ணிறமாகவும் கெட்டியாகவும் உள்ள எந்தக் குழம்பிலும் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். அரைத்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது. பாயசமோ சேமியாவில் செய்து, முந்திரி வறுத்துக் கொட்டியது. இருவருக்குமே அது விலக்கு.

கல், எண்ணெய், கரண்டி

உணவில் சேர்ந்தவை இவ்வளவே. இனி, சமைக்கும் பாத்திரங்கள் வழியாக ஒட்டிக்கொள்பவற்றைக் கேட்க வேண்டும். மகன் ஆம்லெட் கேட்கிறான். அது போடப்படுவது பரோட்டாக் கல்லில். அவனுக்குப் பரோட்டாவால் தீங்கில்லை. கல்லில் முந்திரியோ வேர்க்கடலையோ படுவதில்லை என்று மாஸ்டர் சொன்னபின் அவனுக்கு ஆம்லெட் வருகிறது. தாய்க்கு அது ஆகாது. கல்லைத் துணியால் துடைத்தாலும் மைதாத் துகள் எஞ்சும். இதே காரணத்தால், அரிசியும் உளுந்தும் மட்டுமே சேர்ந்த தோசையும் பரோட்டாவோடு ஒரே கல்லில் சுடப்பட்டால் அவருக்கு ஏற்றதன்று. ஆவியில் வெந்த இட்லியில் அந்த ஆபத்து குறைவு. புட்டிலும் ஒரு கேள்வி உண்டு: அதே குழாயில் கோதுமைப் புட்டும் அவிப்பார்களா? இங்கே அவருக்கு அவித்த முட்டை வருகிறது. ஓட்டை அவரே உரித்துக்கொள்கிறார்.

பப்படம் பொரித்த எண்ணெயைப் பற்றியும் அவர் கேட்கிறார். மாலையில் பழம்பொரி போடுவதும் அதே எண்ணெயில்தான். பழம்பொரியின் மேல்மாவு மைதா. எண்ணெயில் உதிர்ந்த மாவு அதிலேயே மிதக்கும். அடுத்துப் பொரிப்பதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தாய் பப்படத்தை விடுகிறார்.

கடைசியாகப் பரிமாறும் முறை. வாளிகளை ஒரே கையில் பிடித்து வரிசையாகப் பரிமாறும்போது சாம்பார்க் கரண்டி மோர்க்கறியில் விழுவது இயல்பு. எனவே அவர் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: “எங்கள் இருவருக்கும் சோறும் மோர்க்கறியும் தோரனும் சமையற்கட்டிலேயே, கழுவிய கரண்டியால் கிண்ணங்களில் எடுத்து ஒரே தடவையாகக் கொடுத்துவிடுங்கள். மறுபடி பரிமாற வர வேண்டாம்.” அவர்கள் தட்டை விட்டு வாழையிலையைக் கேட்டு வாங்குகிறார்கள். புதிய இலையில் முந்தைய உணவின் மிச்சம் எதுவும் இராது. உணவு வந்ததும், “இது மாஸ்டர் தனியாக எடுத்துக் கொடுத்ததுதானே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டே உண்ணத் தொடங்குகிறார்கள். கொண்டுவந்தவர் கேட்டவரிடமிருந்து வேறானவராக இருக்கலாம் அல்லவா?

சோறு, மோர்க்கறி, தோரன், முட்டை. எளிய உணவுதான், ஆனால் இருவரும் அச்சமின்றி உண்ண முடிந்தது. இந்த உரையாடல் முழுவதற்கும் ஆன நேரம் ஐந்து நிமிடமே.

எழுந்துவிட வேண்டிய தருணம்

எல்லா உணவகத்திலும் இத்தகைய மாஸ்டர் அமைவார் என்பதில்லை. “கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஆபத்து புரியவில்லை என்று கொள்ள வேண்டும். எதையும் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் “இல்லை” என்பவர், டப்பாவையோ பொட்டலத்தையோ காட்ட மறுப்பவர் ஆகியோரிடமும் அப்படியே. சமைத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றாலும் விடை கிடைக்காது. அப்போது நன்றி சொல்லி எழுந்துவிடலாம். மாறாக, “எனக்குத் தெரியவில்லை, அம்மா, இதை நீங்கள் சாப்பிட வேண்டாம்” என்று சொல்பவர் நம்பத்தக்கவர்.

இதற்காகவே பையில் ஒரு வேளைக்கான உணவு எப்போதும் இருக்க வேண்டும். உரிக்காத வாழைப்பழமும் ஓட்டுடன் அவித்த முட்டையும் எந்தக் கடைவீதியிலும் துணை நிற்கும். நேற்று அதே கடையில் உண்டு நலமாக இருந்தோம் என்பதால் இன்று கேட்காமல் விடுவதும் தவறு. பெருங்காய டப்பா மாறியிருக்கலாம், மாஸ்டரும் மாறியிருக்கலாம்.

சட்டம் எதுவரை துணை வரும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விவரச்சீட்டு விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் குளூட்டன் உள்ள தானியம், வேர்க்கடலை, கொட்டைப்பருப்பு போன்றவை இருந்தால் அதை விவரச்சீட்டில் தெரிவிக்க வேண்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட பெரிய உணவகங்களுக்கும் ஒவ்வாமைத் தகவல் தரும் கடமை உண்டு. மலையூரில் ஒருவர் நடத்தும் சிறு உணவகம் இவ்வரம்புக்குள் வருவதில்லை. அங்கே நமக்குத் துணை, டப்பாவின் விவரச்சீட்டும் நாம் கேட்கும் கேள்வியுமே. டப்பாவைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டியதில்லை. எழுத்தில் உள்ள ஒரே சான்று அதுதான்.

தவறு நேர்ந்துவிட்டால்

மறையூரிலிருந்து மூணாறு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உடுமலைப்பேட்டையும் அதே அளவு தொலைவு. இருபுறமும் வளைவு நிறைந்த மலைப்பாதை. எனவே உணவுக்கு அமருமுன்பே, அருகில் உள்ள மருத்துவமனை எது, இப்போது திறந்திருக்கிறதா என்று கல்லாவில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வாயில் அரிப்பு, உடலில் தடிப்பு, உதட்டு வீக்கம், தொடர் வாந்தி, குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஆகியவை எச்சரிக்கைகள். இவை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றும். மூச்சிலோ குரலிலோ மாற்றம் தெரிந்தாலும், மயக்கம் வந்தாலும் தேவைப்படும் மருந்து அட்ரினலின் ஊசி; அது தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் போடப்படும். அரிப்புக்கான மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. அதை விழுங்கிவிட்டுக் காத்திருப்பதில்தான் நேரம் வீணாகிறது. தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே கடும் ஒவ்வாமை உள்ளோர் தம் மருத்துவரிடம், எதை, எந்த அளவில் கையில் வைத்திருப்பது, யார் போடுவது என்பதைப் பயணத்துக்கு முன்பே எழுதி வாங்கிப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டபின் நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமரச் செய்யலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. 108 என்ற எண் இரு மாநிலங்களிலும் ஆம்புலன்சை அழைக்கும். குணமானதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் சென்றே தீர வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் வரக்கூடும்.

அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது அந்தச் சிறு அட்டையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முந்திரி என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிச் செல்லாமல், கசுவண்டி என்றும் எழுதி, பக்கத்தில் அதன் படத்தையும் ஒட்டுங்கள்.